கம்பியின் நீளமும் சுரமும்: ஒரு பலகை, ஒரு கம்பி, ஒரு கம்ப்யூட்டர்

இயற்பியலையும் இசையையும் இணைத்து பள்ளியில் புராஜெக்ட் செய்ய வேண்டுமா? ஒரு கம்பி போதும். மீதி வேலையை வீட்டிலுள்ள கம்ப்யூட்டரும், இலவசமாகக் கிடைக்கும் Audacity சாஃப்ட்வேரும் பார்த்துக் கொள்ளும்.

கம்பியின் இழுவிசை மாறாமல் இருந்தால், நீளமும் அதிர்வெண்ணும் எதிர்விகிதத்தில் இருக்கும். அதாவது நீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-ல் இந்த விதியை வெளியிட்டார். அதைத்தான் நாம் சோதிக்கப் போகிறோம்.

80 செ.மீ. நீளப் பலகையில் கிடாரின் மிக மெல்லிய ஸ்டீல் கம்பியைக் கட்டுங்கள். ஒரு முனையில் ஆணி, மறு முனையில் முறுக்குவதற்கு கிடார் கீ. நடுவே சரியாக 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரத்துண்டுகளைக் குதிரையாக வையுங்கள். கம்பி அறுந்து தெறிக்கலாம் என்பதால் கண்ணாடி அணிந்து கொள்ளுங்கள்.

Audacity-ல் Generate மெனுவில் Tone கிளிக் செய்து, 200 ஹெர்ட்ஸ் ஒலியை உருவாக்குங்கள். அதைக் கேட்டுக்கொண்டே கம்பியை முறுக்கி, அதே சுருதிக்குக் கொண்டு வாருங்கள். இதுதான் நம் 'ச'. 60 x 200 = 12000. இனி மூன்றாவது குதிரையை 45 செ.மீ.யில் வைத்தால் 267 ஹெர்ட்ஸ் (ம), 40-ல் 300 (ப), 30-ல் 400 (மேல் ச) வர வேண்டும்.

ஒவ்வொரு நீளத்திலும் கம்பியை மெதுவாக மீட்டி, மைக் மூலம் பதிவு செய்யுங்கள். மீட்டிய முதல் நொடிப்பகுதியை விட்டுவிட்டு, அடுத்த ஒரு விநாடியை மவுஸால் செலக்ட் செய்யுங்கள். Analyze மெனுவில் Plot Spectrum திறந்து, Size என்ற இடத்தில் 16384 கொடுங்கள். 44100 என்ற வேகத்தில் பதிவு செய்த ஒலியை இது 2.7 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்துக் காட்டும். 1024 கொடுத்தால் இடைவெளி 43 ஹெர்ட்ஸ். அதில் 'ம'வும் 'ப'வும்கூடத் தெளிவாகப் பிரியாது.

திரையில் ஒன்றல்ல, பல சிகரங்கள் தெரியும். 200, 400, 600 என்று அடுக்கடுக்காக வருபவை கம்பியின் மேல்சுரங்கள். மிக உயரமான சிகரத்தையே விடை என்று எழுதிவிடாதீர்கள். லேப்டாப் மைக்குகள் தாழ்ந்த ஒலியைச் சற்றே அடக்கிவிடுவதால், 400 உயரமாகத் தெரியலாம். அடுத்தடுத்த சிகரங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் உண்மையான அதிர்வெண்.

அளவுகளை எக்ஸெல்லில் A, B காலங்களில் நிரப்பி, C காலத்தில் இதைக் கொடுங்கள்:

```
=A2*B2
```

C காலம் எங்கும் 12000-ஐ ஒட்டியே இருந்தால் விதி சரி. மூன்றாவது குதிரை வைத்த நீளங்களில் மட்டும் எண் 12000-ஐவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் குதிரை உயரமாக இருக்கிறது என்று பொருள். அது கம்பியை மேலே தூக்கி, இழுவிசையைக் கூட்டிவிடுகிறது. 3 மி.மீ. தூக்கினாலே 30 செ.மீ.யில் 400-க்குப் பதில் சுமார் 404 வரும். 1 மி.மீ. என்றால் பிழை அரை ஹெர்ட்ஸ்தான். எனவே குதிரை கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தேய்த்துக் கொள்ளுங்கள். எல்லா அளவும் முடிந்தபின் 60 செ.மீ.யை மீண்டும் ஒரு முறை அளந்து பாருங்கள். 200-ஐவிடக் குறைந்திருந்தால், கீ நழுவியிருக்கிறது.

இனி இசைப் பக்கம் வருவோம். குதிரையை 48 செ.மீ.யில் வைத்தால் 250 ஹெர்ட்ஸ். இது அந்தர காந்தாரம், 'ச'வுடன் 5:4 என்ற விகிதம். ஆனால் 'ச' 200 என்று வைத்துக்கொண்டால், எலக்ட்ரானிக் கீபோர்டு தரும் காந்தாரம் 252 ஹெர்ட்ஸ். காரணம், கீபோர்டு ஒரு ஸ்தாயியை 12 சம விகிதங்களாகப் பிரிக்கிறது. எக்ஸெல்லில் இப்படிக் கணக்கிடலாம்:

```
=200*2^(4/12)
```

அந்த ஒலி நம் கம்பியில் வேண்டுமானால், குதிரையை 47.6 செ.மீ.க்கு நகர்த்த வேண்டும். வெறும் 4 மி.மீ. வித்தியாசம்!

இது காதுக்குத் தெரியுமா? ஒரு கம்பியில் இரண்டு சுரத்தைச் சேர்த்து ஒலிக்க முடியாது. எனவே Tone-ல் Waveform என்பதை Sawtooth என மாற்றி, 200, 250 ஹெர்ட்ஸ் ஒலிகளை இரண்டு டிராக்குகளில் உருவாக்கிச் சேர்த்துக் கேளுங்கள். ஒலி அசையாமல் நிற்கும். 250-ஐ 252 ஆக்கினால் விநாடிக்கு 8 முறை ஒரு துடிப்பு கேட்கும். 'ச'வின் ஐந்தாவது மேல்சுரம் 1000, காந்தாரத்தின் நான்காவது 1008. அந்த 8-தான் துடிப்பு. Sine தேர்வு செய்தால் மேல்சுரங்களே இல்லாததால், இந்தத் துடிப்பு வராது. இரண்டையும் கேட்டு ஒப்பிட்டு, அதையும் உங்கள் ரிப்போர்ட்டில் சேர்த்து விடுங்கள்.