கோபம் வளர்ந்தால் படமும் வளரும்

என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுச் சிட்லபாக்கத்திலிருந்து ஒரு வாசகி கூப்பிட்டார். "உணர்ச்சிகளைப் பத்தின புத்தகம்னு அஞ்சாறு வாங்கி வச்சிருக்கேன் சார். ஒண்ணைக்கூட ரெண்டாவது தடவை படிக்கச் சொல்ல மாட்டேங்கறா." மகளுக்கு ஐந்து வயது. ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், அடுக்குமாடியின் முதல் மாடியில் வீடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். அச்சும் தாளும் அருமை. எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு. பக்கத்துக்கு ஒரு முகம், அதன் கீழ் இது கோபம், இது பயம், இது பொறாமை என்று பெயர். கடைசிப் பக்கத்தில் மூச்சை இழுத்துவிடச் சொல்லி ஓர் அறிவுரை. பெயர் தெரிந்துகொள்வதற்கு ஒரு தடவை போதும். எதற்காக இரண்டாவது தடவை கேட்பாள்? கதையில் யாருக்கும் எதுவுமே நடக்கவில்லையே.

கையோடு நான் கொண்டுபோயிருந்தது மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’. 1963இல் அமெரிக்காவில் வந்தது. மறு ஆண்டே அங்கே படப் புத்தகத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. மாக்ஸ் என்ற பையன் ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டை இரண்டுபடுத்துகிறான். சுவரில் ஆணி அடிக்கிறான், முள்கரண்டியோடு நாயைத் துரத்துகிறான். அம்மா திட்ட, உன்னைத் தின்றுவிடுவேன் என்கிறான். சாப்பாடு கிடையாது, போய்ப் படு என்று அனுப்பிவிடுகிறாள். அவன் அறையில் காடு முளைக்கிறது. படகேறிப் பூதங்கள் வாழும் இடத்துக்குப் போய் அவற்றுக்கு ராஜாவாகிக் கும்மாளம் போடுகிறான். பிறகு தனிமை உறுத்தவே, ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு வீடு திரும்புகிறான். அறையில் சாப்பாடு காத்திருக்கிறது.

கோபம் என்ன செய்யும் என்பதைச் செண்டாக் சொற்களில் விளக்கவில்லை, படத்தின் அளவில் காட்டிவிட்டார். முதல் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளைத் தாள். பக்கம் திருப்பத் திருப்பப் படம் பெருக்கிறது, வெள்ளை குறைகிறது. காடு வளர்ந்து முடியும்போது ஒரு பக்கம் நிறைந்து, அப்புறம் எதிர்ப்பக்கத்துக்கும் வழிகிறது. கும்மாளம் தொடங்கியதும் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு மூன்று படங்கள் வருகின்றன. அவற்றில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. வீடு திரும்பும்போது படம் மறுபடி சுருங்குகிறது. சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்று சொல்லும் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. கோபம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும் என்பதைப் பிள்ளையின் கண் இப்படிப் பார்த்துக்கொண்டே வருகிறது. யாரும் மாக்ஸைச் சமாதானப்படுத்தவில்லை, மூச்சுவிடச் சொல்லவும் இல்லை.

படித்துக்காட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது அந்த மூன்று படங்களில்தான். எழுத்து இல்லையே என்று சட்டென்று புரட்டிவிடுவோம், அல்லது "பாத்தியா, எவ்வளவு கோபம்!" என்று நாமே பேசி நிரப்புவோம். வாயை மூடிக்கொண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆங்கில வாசகத்தைப் பார்த்தபடி நம் பேச்சுத் தமிழில் கதையைச் சொல்வது அவருக்கு ஏற்கெனவே கைவந்ததுதான்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "மூணு படத்துக்கும் அவளே கத்தினா சார், கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க." கத்தி முடித்துவிட்டு மகள் ஒரு கேள்வி கேட்டாளாம்: "ஏம்மா, சாப்பாடு போடாம யாராவது தூங்க வைப்பாங்களா?" நம் வீடுகளில் அடித்தாலும் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மறுவேலை. அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

இதே சங்கடம் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைமுக்கும் இருந்தது. பெற்ற தாயே சோற்றை மறுப்பது பிள்ளையின் ஆதி பயத்தைக் கிளறிவிடும் என்று 1969இல் ஒரு மகளிர் பத்திரிகையில் எழுதினார். புத்தகத்தைப் பார்க்காமல், தாய்மார்கள் சொன்னதைக் கேட்டே எழுதினார் என்பது வேறு கதை. பார்த்திருந்தால் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டிருக்கும். "நீ என்ன நினைக்கிற? அந்தச் சாப்பாட்டை யார் கொண்டுவந்து வச்சிருப்பா?" என்று திருப்பிக் கேட்கச் சொன்னேன். மறுநாள் இரவு மகள் சொன்ன பதில்: "அவங்க அம்மாதான். கோபம் போயிருக்கும்." அம்மாவுக்கும் கோபம் வரும், அதுவும் இறங்கும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

மூச்சுப் பயிற்சியே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் கதைக்கு நடுவே வேண்டாம். நெதர்லாந்தின் எலின் ஸ்னெல் 2010இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதில் வருவது தவளை. தவளை அசையாமல் உட்கார்ந்திருக்கும், சுற்றி நடப்பதையெல்லாம் கவனிக்கும், வயிறு மட்டும் ஏறி இறங்கும். ஐந்து வயதுக்கு இந்த அளவு போதும். நான்கு எண்ணும்வரை இழு, நான்கு எண்ணும்வரை நிறுத்து என்கிற பெரியவர்களின் கணக்கு ஒத்துவராது. இந்த வயதில் நிமிடத்துக்கு இருபதுக்கு மேல் மூச்சு ஓடுவது இயல்பு. பிடித்து நிறுத்தினால் திணறும்.

கதை முடிந்ததும் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புள்மேல் ஒரு சின்னப் பஞ்சு பொம்மையை வையுங்கள். பொம்மை மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே வரும்போது சூடான பாலை ஊதுகிற மாதிரி மெல்ல ஊதட்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும், அதனால் வெளிமூச்சு நீளமாக இருப்பது நல்லது. நான்கைந்து தடவை போதும். பொம்மை அசையாமல் தோள்பட்டை தூக்கிக்கொண்டால் பிள்ளை வலிந்து இழுக்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். சிரிப்பு வந்துவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான்.

சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு மழை என்றால் ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கவலையும் கூடவே வரும். அந்தச் சிறுமிக்கும் இரவு மழை என்றால் பயம். ஒரு நாள் அடைமழையில் கரண்ட் போய்விட, அம்மா பொம்மையைத் தேடி எடுத்திருக்கிறார். மகள் அதைத் தட்டிவிட்டாள். அவளுக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: "தண்ணி உள்ள வருமா?" அப்பா பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய், டார்ச் அடித்து, தெருத் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்திருக்கிறது என்று காட்டினார். நாம் இருப்பது மாடி என்றும் சொன்னார். அதற்கப்புறம்தான் பொம்மை வயிற்றில் உட்கார்ந்தது. நிஜக் காரணம் இருக்கிற பயத்துக்கு முதலில் பதில்தான் வேண்டும். பொம்மைப் பழக்கமும் மழையில்லாத நாட்களில் படிந்திருந்ததால்தான் அன்று கைகொடுத்தது.

இந்த மூச்சுப் பயிற்சியின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, பள்ளி வகுப்பில் மனக்கவனப் பயிற்சி தந்து பார்த்தார்கள். வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. அது வகுப்பறை, வயதும் வேறு என்பதால் மடியில் படுத்திருக்கும் ஐந்து வயதுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் அட்டையின் மேல் பெரிய வாக்குறுதி அச்சிட்ட புத்தகங்களை நான் சந்தேகத்தோடுதான் எடுப்பேன். பயம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமும் பள்ளியும் கெட்டால் குழந்தைகள் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

தமிழிலேயே வேண்டுமென்றால் சென்னையின் தூலிகா பதிப்பகம் இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கி அச்சடித்தும் கொள்ளலாம். அங்கே நான்கு நிலைகள் உண்டு. படுக்கை நேரத்துக்கு முதல் இரண்டும் சரியாக இருக்கும். எங்கே வாங்கினாலும் கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள். அங்கே பிள்ளையை நோக்கி யாராவது உபதேசம் செய்துகொண்டிருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.