பொதுக்கூட்ட நோட்டீஸ்: இருபத்தொரு நாள் கணக்கும் பதிலாள் படிவமும்

ஒரு கம்பெனி தன் பங்குதாரர்களைப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்து அனுப்பும் எழுத்து வடிவ அறிவிப்பே பொதுக்கூட்ட நோட்டீஸ். கூட்டம் எங்கே, எந்தத் தேதியில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு நடக்கிறது, அங்கே எவை முடிவெடுக்கப்படும் என்பதை அது சொல்ல வேண்டும். இந்தியாவில் இதை நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 101, 102, 105 ஆகிய பிரிவுகள் வரையறுக்கின்றன. கம்பெனி செக்ரட்டரிகள் அமைப்பு வெளியிட்டுள்ள எஸ்எஸ்-2 என்ற நடைமுறைத் தரம் மேலும் சில விவரங்களைக் கேட்கிறது. கூட்டத்துக்கு வராத பங்குதாரர் நோட்டீஸை மட்டும் படித்துவிட்டு, நேரில் போவதா, வேறொருவரை அனுப்புவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். சட்டம் கேட்பவை எல்லாம் இந்த ஒரே தேவையிலிருந்து வருகின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். கோயம்புத்தூரில் பதிவு அலுவலகம் உள்ள, பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத ஒரு பப்ளிக் லிமிடெட் கம்பெனிக்கு 60 பங்குதாரர்கள் இருப்பதாகக் கொள்வோம். மார்ச் 31-இல் அதன் நிதியாண்டு முடிகிறது. ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தாக வேண்டும். இயக்குநர் குழு கூடி, செப்டம்பர் 28, திங்கட்கிழமை காலை 11 மணி என்று நாள் குறிக்கிறது. வழக்கமான அலுவல்களோடு, பதிவு அலுவலகத்தைத் திருப்பூருக்கு மாற்றும் யோசனையும் கூட்டத்தின் முன் வருகிறது.

இடமும் நேரமும் கம்பெனியின் விருப்பத்துக்கு முழுவதும் விடப்பட்டவை அல்ல. ஆண்டுப் பொதுக்கூட்டம் காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே தொடங்க வேண்டும். அது தேசிய விடுமுறை நாளாக இருக்கக் கூடாது. இடம் பதிவு அலுவலகமாகவோ அதே ஊரில் வேறோர் இடமாகவோ இருக்கலாம். பட்டியலிடப்படாத கம்பெனி வேறு ஊரில் கூட்டம் நடத்த விரும்பினால், எல்லா உறுப்பினர்களின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெற வேண்டும். புதிய அலுவலகம் திருப்பூரில் வரப்போகிறது என்பதற்காக இந்தக் கூட்டத்தை அங்கே கூட்டிவிட முடியாது. மண்டபத்துக்குப் போகும் வழிப்படத்தையும் அருகிலுள்ள அடையாளத்தையும் நோட்டீஸோடு இணைக்க வேண்டும் என்கிறது எஸ்எஸ்-2.

அடுத்தது நாள் கணக்கு. பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. சட்டம் கேட்பது முழுமையான 21 நாள். நோட்டீஸ் போய்ச் சேரும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் இதில் சேரா. மெட்ராஸ் ரேஸ் கிளப் மீது நாகப்ப செட்டியார் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1949-இல் இரு நாள்களையும் விலக்கியே எண்ண வேண்டும் என்று கூறியது. நம் உதாரணத்தில் 28-ஆம் தேதியை விட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ணினால், 27 முதல் 7 வரை 21 நாள். ஆகவே மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் செப்டம்பர் 6-ஆம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும். தபாலில் போகும் நோட்டீஸ், அஞ்சலில் சேர்த்த 48 மணி நேரத்துக்குப் பிறகே சென்றடைந்ததாகக் கருதப்படும். அதற்காக இரண்டு நாள் கூட்டி, செப்டம்பர் 4-ஆம் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். 60 பேரில் ஐந்து பேருக்கு மட்டும் தபாலில் போகிறது என்றாலும், அந்த ஐந்து பேருக்காகக் கடைசி நாள் 4-தான். 7-ஆம் தேதி அனுப்பிவிட்டு 28-ஐயும் சேர்த்து 21 என்று எண்ணுவது பல அலுவலகங்களில் நடக்கும் பிழை. இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடும் வழக்கம் நல்லது.

நாள் போதாமல் போனால் ஒரு வழி உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க உரிமை உள்ள உறுப்பினர்களில் 95 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் எழுத்திலோ மின்னஞ்சலிலோ சம்மதித்தால் குறைந்த கால நோட்டீஸ் செல்லும். 60 பேரில் 57 பேர். குடும்பக் கம்பெனிக்கு இது எளிது. சிதறிக் கிடக்கும் பங்குதாரர்களிடம் இத்தனை சம்மதம் திரட்டுவதைவிட நாளைத் தள்ளிவைப்பதே மேல்.

நோட்டீஸ் பங்குதாரர்களுக்கு மட்டும் போனால் போதாது. ஒவ்வோர் இயக்குநருக்கும் தணிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும். இறந்த பங்குதாரரின் சட்டப்படியான வாரிசுக்கும், நொடித்துப்போனவரின் உரிமையைப் பெற்றவருக்கும் அது போக வேண்டும். தவறுதலாக ஒருவருக்கு விடுபட்டாலோ, அனுப்பியும் கிடைக்காமல் போனாலோ கூட்டம் செல்லாமல் போகாது. தெரிந்தே ஒருவரை விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் யாருக்கு, எப்போது, எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்ற பட்டியலையும் தபால் ரசீதுகளையும் கோப்பில் வைத்திருப்பது அவசியம்.

நோட்டீஸின் உடல், செய்யவேண்டிய அலுவல்களின் பட்டியல். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான்கு விஷயங்கள் மட்டுமே சாதாரண அலுவல்: கணக்குகளையும் குழு, தணிக்கையாளர் அறிக்கைகளையும் பரிசீலித்தல், டிவிடெண்ட் அறிவித்தல், சுழற்சி முறையில் ஓய்வுபெறும் இயக்குநர்களின் இடத்தை நிரப்புதல், தணிக்கையாளரை நியமித்து ஊதியம் நிர்ணயித்தல். இவை தவிர்ந்த எல்லாமே சிறப்பு அலுவல். அலுவலக மாற்றம் அந்த வகை. பட்டியலின் கடைசியில் ‘தலைவரின் அனுமதியோடு இதர விஷயங்கள்’ என்று எழுதுவது சங்கக் கூட்டங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். நோட்டீஸில் இல்லாத ஒன்றை அந்த வரியின் மறைவில் கொண்டுவந்து நிறைவேற்ற முடியாது. அதை எழுதாமல் விடுவதே சரி.

சிறப்பு அலுவலுக்குத் தீர்மானத்தின் முழு வாசகத்தையும் தர வேண்டும். அது எந்த வகைத் தீர்மானம் என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரணத் தீர்மானத்துக்கு ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதிர்ப்பைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. எதிராக 2,000 வாக்கு விழுந்தால் ஆதரவாக 6,000 வேண்டும். 5,900 என்றால் தீர்மானம் தோற்றது. சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரும் எண்ணத்தை நோட்டீஸிலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது 114-ஆம் பிரிவு. அது விடுபட்டால், கூட்டத்தில் எல்லோரும் ஆதரித்தாலும் சிறப்புத் தீர்மானம் ஆகாது. நம் கம்பெனியின் வாசகம் இப்படி அமையலாம்:

“கீழ்க்காணும் தீர்மானத்தைப் பரிசீலித்து, பொருத்தமெனக் கருதினால், சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்ற: நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 12(5)-இன்படி, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தைக் கோயம்புத்தூரிலிருந்து திருப்பூரில் கீழ்க்காணும் முகவரிக்கு மாற்ற ஒப்புதல் அளிக்கப்படுகிறது, இதற்கான படிவங்களைத் தாக்கல் செய்ய இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது எனத் தீர்மானிக்கப்படுகிறது.”

கோயம்புத்தூரும் திருப்பூரும் கோவைக் கம்பெனிப் பதிவாளரின் எல்லைக்குள் வருபவை. ஆகவே இந்தத் தீர்மானமே போதும். சென்னைப் பதிவாளரின் எல்லைக்கு மாறுவதென்றால் மண்டல இயக்குநரின் ஒப்புதலும் தேவைப்படும். அதையும் நோட்டீஸ் சொல்ல வேண்டியிருக்கும்.

தீர்மானத்தைத் தொடர்ந்து 102-ஆம் பிரிவின்படியான விளக்க அறிக்கை வருகிறது. நோட்டீஸ் எழுதுபவரின் நேர்மை வெளிப்படும் இடம் இதுதான். மாற்றம் ஏன், அதனால் செலவு என்ன, எந்த ஆவணத்தை எங்கே, எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதோடு, இயக்குநர்களுக்கும் முக்கிய நிர்வாகிகளுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் அதில் உள்ள அக்கறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திருப்பூர்க் கட்டடம் நிர்வாக இயக்குநரின் மனைவிக்குச் சொந்தமானது என்று வைத்துக்கொள்வோம். ‘நிர்வாக வசதி கருதி அலுவலகம் மாற்றப்படுகிறது. எந்த இயக்குநருக்கும் அக்கறை இல்லை’ என்று எழுதுவது பொய். ‘இயக்குநர்கள் தம் பங்கு உரிமை அளவுக்கு அக்கறை உள்ளவர்கள்’ என்ற பொதுவான வரியும் உண்மையை மறைக்கிறது. ‘இக்கட்டடம் நிர்வாக இயக்குநரின் மனைவிக்குச் சொந்தமானது. மாத வாடகை 2 லட்சம் ரூபாயை நிறுவனம் அவருக்குச் செலுத்தும். ஆகவே நிர்வாக இயக்குநருக்கும் அவர் மனைவிக்கும் இத்தீர்மானத்தில் நிதி சார்ந்த அக்கறை உண்டு. வாடகை ஒப்பந்த வரைவைப் பதிவு அலுவலகத்தில் வேலை நாள்களில் காலை 11 முதல் பகல் 1 மணி வரை பார்வையிடலாம்’ என்று எழுதினால்தான் படிப்பவரால் முடிவெடுக்க முடியும். வெளிப்படுத்தாமல் விட்டதால் ஆதாயம் கிடைத்திருந்தால், அதை அடைந்தவர் கம்பெனிக்காகவே அதை வைத்திருப்பதாகச் சட்டம் கொள்ளும். அபராதமும் உண்டு: 50,000 ரூபாய் அல்லது ஆதாயத்தைப்போல் ஐந்து மடங்கு, எது கூடுதலோ அது.

வர முடியாதவர் தன் சார்பில் அனுப்புபவரே பதிலாள். பேச்சு வழக்கில் பிராக்ஸி. நோட்டீஸில் கண்ணில் படும்படி ஒரு குறிப்பு இருக்க வேண்டும்: “கூட்டத்தில் கலந்துகொண்டு வாக்களிக்க உரிமையுள்ள உறுப்பினர், தமக்குப் பதிலாகக் கலந்துகொண்டு வாக்களிக்கப் பதிலாளை நியமிக்கலாம். பதிலாள் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை.” இதைப் பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் போடுவது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது.

அதோடு எம்ஜிடி-11 என்ற படிவத்தை இணைக்க வேண்டும். அதில் கம்பெனியின் பெயர், முகவரி, அடையாள எண், உறுப்பினரின் பெயர், ஃபோலியோ எண் ஆகியவை இருக்கும். பதிலாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை, ‘அவர் இல்லையெனில் இவர்’ என்ற வரிசையில் எழுதலாம். கூட்டத்தின் நாள், நேரம், இடம், தீர்மானங்களின் எண்கள், உறுப்பினர், பதிலாள் இருவர் கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. நோட்டீஸில் அலுவலக மாற்றம் 4-ஆவது எண் என்றால் படிவத்திலும் அது 4-ஆகவே இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓர் அலுவலைச் சேர்த்துவிட்டுப் படிவத்தைத் திருத்த மறப்பது உண்டு. அப்போது எந்தத் தீர்மானத்துக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்பதே சண்டையாகிவிடும்.

நிரப்பிய படிவத்தைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகப் பதிவு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. திங்கள் காலை 11 மணிக்குக் கூட்டம் என்றால் சனிக்கிழமை காலை 11 மணியே கெடு. அன்று அலுவலகம் பூட்டிக் கிடந்தால் படிவம் வாங்க ஆள் இருக்காது. ஆகவே அன்று யார் வாங்குவார் என்பதை நோட்டீஸ் அனுப்பும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பதிலாளின் உரிமைக்கு எல்லை உண்டு. அவர் கூட்டத்தில் பேச முடியாது. கைதூக்கி வாக்களிக்க முடியாது, வாக்குச்சீட்டு முறையில் மட்டுமே வாக்களிக்கலாம். ஒருவர் 50 உறுப்பினர்களுக்கு மேல் பதிலாளாக இருக்கக் கூடாது. அவர்களின் பங்குகள் மொத்தத்தில், வாக்குரிமை உள்ள பங்கு மூலதனத்தில் 10 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. கூட்டம் தொடங்கத் தேவையான ஆள் எண்ணிக்கையிலும் அவர் சேரார். 60 உறுப்பினர் கொண்ட பப்ளிக் கம்பெனிக்கு ஐந்து பேர் நேரில் வந்திருக்க வேண்டும். நால்வர் நேரிலும் இருபது பதிலாள்களும் வந்திருந்தால் கூட்டம் நடக்க முடியாது.

கடைசியில் ‘இயக்குநர் குழுவின் உத்தரவுப்படி’ என்று எழுதி, பெயர், பதவி, தேதி, இடம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பும்போது தலைப்பு வரியிலேயே கம்பெனியின் பெயர், கூட்டத்தின் வகை, இடம், தேதி இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து சிறப்புத் தீர்மானம் நிறைவேறினால், அதன் நகலை 30 நாளுக்குள் எம்ஜிடி-14 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதோடு 102-ஆம் பிரிவு விளக்க அறிக்கையும் போகிறது. பங்குதாரர்களிடம் எதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினார்கள் என்பது அன்றிலிருந்து யாரும் பார்க்கக்கூடிய அரசுப் பதிவாகிவிடுகிறது.