27 அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி?

மானிட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான். கடைக்காரரும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக் காட்டுவார். 24 அங்குலத்தில் ஒன்று, பக்கத்திலேயே 27 அங்குலத்தில் ஒன்று. இரண்டு அட்டைப்பெட்டியிலும் ஃபுல் எச்டி என்றே போட்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் போட்டா பெருசாவே எடுத்துக்கலாமே சார்" என்ற பேச்சும் வந்துவிடும். முதல் மானிட்டர் வாங்குகிறவர் இந்த இடத்தில்தான் 27-ஐ நோக்கிக் கையை நீட்டுகிறார். எழுத, படிக்க, கணக்குப் பார்க்க வாங்குகிறவர் என்றால் இரண்டில் சின்னதையே எடுக்கச் சொல்வேன். ஏன் என்று பார்த்தால் திரையின் மூன்று அளவுகளும் விளங்கிவிடும்.

முதல் அளவு அங்குலம். இது திரையின் அகலமும் அல்ல, உயரமும் அல்ல. ஒளிரும் பரப்பின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை குறுக்காக வைத்த நீளம். இன்றைய வழக்கமான அகலத் திரையில், அகலத்துக்கு 16 பங்கு என்றால் உயரத்துக்கு 9 பங்கு. அந்தக் கணக்கில் 24 அங்குல மானிட்டர் ஏறத்தாழ 21 அங்குல அகலமும் 12 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும் இருக்கும். 27 அங்குலம் என்றால் அகலம் இருபத்து மூன்றரை, உயரம் பதின்மூன்றுக்குச் சற்று மேல். இரண்டுக்கும் உயரத்தில் ஒன்றரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

குறுக்களவு திரையின் வடிவத்தைச் சொல்லாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய அலுவலகங்களில் இன்னும் கிடக்கும் சதுரம் போன்ற 19 அங்குல மானிட்டரின் உயரமும் இன்றைய 24 அங்குல மானிட்டரின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். '34 அங்குலம்' என்று மிரட்டும் அல்ட்ராவைட் திரை, 27 அங்குலத் திரையைப் பக்கவாட்டில் இழுத்து நீட்டியது போலத்தான் இருக்கும், உயரம் கூடியிருக்காது.

அங்குலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரெசல்யூஷன். திரை முழுக்கப் பிக்சல் என்னும் நுண்புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. குறுக்கே எத்தனை, மேலிருந்து கீழே எத்தனை என்ற எண்ணிக்கைக்குத்தான் ரெசல்யூஷன் என்று பெயர். ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, மொத்தம் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். கியூஎச்டி என்பது 2560 × 1440, ஏறத்தாழ 37 லட்சம். 4கே என்று மானிட்டர் கடையில் சொல்வது 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம். ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு.

இந்த எண்களில் அங்குலம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசைக் கோலத்தைச் சின்ன வாசலில் நெருக்கியும் போடலாம், பெரிய வாசலில் தள்ளித் தள்ளியும் போடலாம். வாசல் பெரிதானதால் கோலத்தில் ஒரு பூ கூடிவிடுவதில்லை. கணினியும் அப்படியே: அது புள்ளியை எண்ணித்தான் படம் வரைகிறது. அந்தப் புள்ளிகள் 24 அங்குலத்தில் நெருங்கி நிற்கின்றனவா, 27 அங்குலத்தில் விலகி நிற்கின்றனவா என்று பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை.

எக்செல்லை எடுத்துக்கொள்வோம். விண்டோஸில் எதையும் மாற்றாமல் வைத்தால் ஒரு வரிசையின் உயரம் வழக்கமாக 20 பிக்சல். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் 54 வரிசைக்கு இடம் உண்டு. மேலும் கீழும் உள்ள பட்டைகள் எடுத்துக்கொள்வது போக நாற்பது சொச்சம் கண்ணில் படும். 24 அங்குல ஃபுல் எச்டியிலும் அத்தனைதான், 27 அங்குல ஃபுல் எச்டியிலும் அத்தனைதான். கூடுதல் காசுக்கு ஒரு வரிகூட அதிகம் வராது, இருக்கிற வரிகள் பெரிதாகும். அதே 27 அங்குலத்தில் கியூஎச்டி எடுத்தால் உயரத்தில் 360 பிக்சல் கூடுகிறது. அது 18 வரிசை. நாளெல்லாம் கணக்குப் பார்க்கிறவருக்கு அந்தப் பதினெட்டின் அருமை தெரியும்.

பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். பார்வை சற்று மங்கியவருக்கும், தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கும் நல்லதுதான். மற்றவர்களுக்கு இங்கே மூன்றாவது அளவு குறுக்கிடுகிறது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்ற அடர்த்தி அது. பிபிஐ என்று சொல்வார்கள். பெட்டியின் முகப்பில் இது பெரும்பாலும் இருக்காது. நாமே போட்டுக்கொள்ளலாம். குறுக்களவை 0.87-ஆல் பெருக்கினால் அகலத் திரையின் அகலம் கிடைக்கும். குறுக்கே உள்ள பிக்சல் எண்ணிக்கையை அந்த அகலத்தால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

```
24 × 0.87 = 20.9    1920 ÷ 20.9 ≈ 92
27 × 0.87 = 23.5    1920 ÷ 23.5 ≈ 82
27 × 0.87 = 23.5    2560 ÷ 23.5 ≈ 109
27 × 0.87 = 23.5    3840 ÷ 23.5 ≈ 163
```

92-க்கும் 82-க்கும் பத்துதானே என்று தோன்றும். கண்ணுக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல. நல்ல பார்வை உள்ளவர் 60 சென்டிமீட்டர் தூரத்தில், அதாவது ஏறத்தாழ கை நீட்டும் தூரத்தில், 0.17 மில்லிமீட்டர் அளவிலான புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியும். 27 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்சலின் அளவு 0.31 மில்லிமீட்டர். அந்தப் புள்ளிகள் கண்ணில் கலந்து மறைய வேண்டுமானால் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்கார வேண்டும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் யாரும் அவ்வளவு தூரம் தள்ளி உட்காருவதில்லை. 24 அங்குலத்திலும் புள்ளி முழுதாக மறைந்துவிடாது. ஆனால் விண்டோஸ் நெடுங்காலமாக அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கை வைத்தே எழுத்தின் அளவைத் தீர்மானித்து வருகிறது. 92 அதற்குப் பக்கத்தில் இருப்பதால் எழுத்து இயல்பான அளவில், பொறுத்துக்கொள்ளும் கூர்மையில் வரும். மடிக்கணினியிலிருந்து வருகிறவருக்குத்தான் உறுத்தல் அதிகம். 14 அங்குல ஃபுல் எச்டி மடிக்கணினியின் அடர்த்தி 157. அதில் பழகிய கண்ணுக்கு 82 என்பது சொரசொரப்பாகவே படும்.

தமிழில் படிக்கிறவர், தட்டச்சு செய்கிறவர் இதை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விண்டோஸில் 11 பாயின்ட் எழுத்துக்கு மொத்தம் 15 பிக்சல் உயரம்தான் ஒதுக்கப்படும். அதில் எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதி. ஆங்கில எழுத்துக்கு அது போதும். கோடும் ஒரு வளைவுமாக முடிந்துவிடும். 'ண'வின் சுழிகளும், 'ஞூ'வின் வளைவுகளும் அதே ஏழெட்டுப் பிக்சலுக்குள் அடங்க வேண்டும். சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை இடம் அடைபட்டு, 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. 27 அங்குல ஃபுல் எச்டி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினாலும் பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, அதனால் அடைபட்ட சுழி பெரிய அளவில் அடைபட்டே தெரியும்.

அப்படியானால் 4கே வாங்கிவிட்டால் தீர்ந்ததா? 27 அங்குலத்தில் 163 பிபிஐ. மேலே சொன்ன எக்செல் கணக்குப்படி 108 வரிசைக்கு இடம் உண்டு. ஆனால் எழுத்து மூக்கை ஒட்டிப் படிக்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் விண்டோஸ் அமைப்புகளில், Display பக்கத்தில், Scale என்று ஒன்று இருக்கிறது. அதை 150 விழுக்காடு என்று வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் ஒன்றரை மடங்கு பெரிதாக, ஒன்றரை மடங்கு அதிகப் பிக்சல் உயரத்தில் வரையப்படும். அந்த 15 பிக்சல் உயரம் 22 ஆகும், சுழிகள் திறந்துகொள்ளும். திரையில் கிடைக்கும் இடம் எவ்வளவு? 3840-ஐ ஒன்றரையால் வகுத்தால் 2560. கியூஎச்டியில் கிடைத்த அதே இடம்தான். ஆக, இந்த அளவில் 4கே-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கூர்மைக்குத்தானே தவிர, இடத்துக்கு அல்ல. கடையில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று சிலர் அதே பக்கத்தில் உள்ள Display resolution என்பதைக் குறைத்துவிடுவார்கள். அதைத் தொடாதீர்கள். திரையில் பதிந்திருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. கியூஎச்டி திரைக்கு ஃபுல் எச்டி படத்தை அனுப்பினால், படத்தின் ஒரு பிக்சலைத் திரையின் ஒன்றே கால் சொச்சம் பிக்சலில் பரப்பியாக வேண்டும். எல்லாக் கோட்டின் விளிம்பும் கரைந்து, புதுத் திரை பழசுபோல மங்கலாகும். மானிட்டர் மங்கலாக இருக்கிறது என்று யாராவது குறைபட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான். விவரப் பட்டியலிலும் 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்று எழுதியிருக்கும் எண்ணையே நம்புங்கள். '4கே சப்போர்ட்' என்பது உள்ளே வரும் படத்தைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம்.

வீட்டில் சும்மா கிடக்கும் 32 அங்குல டிவியை மானிட்டராக்கலாமா என்ற கேள்வியும் வரும். அது 1366 × 768 திரையாக இருந்தால் அடர்த்தி 49. படம் பார்க்கலாம், வேலை செய்ய முடியாது.

ஆக, மேசை வேலைக்கு 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி போதும். 27 வேண்டுமென்றால் கியூஎச்டிக்குக் குறையாமல் எடுங்கள். நாள் முழுக்க எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், கையில் பணமும் இருந்தால், 4கே பக்கம் போகலாம். விளையாட்டுக்காக வாங்குகிறவருக்கு 4கே-யில் நான்கு மடங்குப் புள்ளிகளைக் கணக்கிட்டுத் தள்ளும் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அது தனிச் செலவு. கடையில் திரையைச் சோதிக்கும்போது அங்கே ஓடும் மயில் வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, கை நீட்டும் தூரத்தில் நின்று சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். அசையும் படம் அடர்த்திக் குறைவை மறைத்துவிடும், எழுத்து மறைக்காது.

4கே எடுப்பதாக முடிவு செய்தால், பில் போடுமுன் உங்கள் கணினியில் உள்ள எச்டிஎம்ஐ துளை எந்தத் தலைமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய 1.4 வகை என்றால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும். படம் வரும், எழுத்தும் கூர்மையாக இருக்கும்; ஆனால் மௌஸை நகர்த்தினால் அம்பு வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போகும். 60 முறை வேண்டுமென்றால் துளையும் கேபிளும் 2.0 வகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கியூஎச்டிக்கு அந்தப் பழைய துளையே 60 முறை அனுப்பிவிடும்.