இரண்டு உச்சங்கள், ஒரே மாங்கனீசு

நிசான் நிறுவனம் 2010இல் சாலைக்குக் கொண்டுவந்த முதல் லீஃப் மின்சாரக் காரின் பேட்டரியில், நேர்மின்முனையின் முக்கியப் பொருள் ஒரு கறுப்புத் தூள். அதன் பெயர் லித்தியம் மாங்கனீசு ஆக்சைடு, வாய்பாடு LiMn2O4. இந்தத் தூளுக்குள்ளிருந்து லித்தியத்தை வெளியே எடுக்கவும் திரும்ப உள்ளே செலுத்தவும் முடியும் என்பதை 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃபின் ஆய்வகத்தில் மைக்கேல் தாக்கரே முதலானோர் காட்டினார்கள். அன்று முதல் இன்றுவரை, இந்தத் தூளைப் புதிதாகத் தயாரிக்கும் எவரும் முதலில் எடுத்துப் பார்க்கும் வரைபடங்களில் ஒன்று சைக்ளிக் வோல்டாமெட்ரி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இது அன்றாட வேலை.

செய்முறை எளிது. தூளோடு கொஞ்சம் கார்பனும் பசையும் சேர்த்து அலுமினியத் தகட்டில் மெல்லப் பூசி உலர்த்துவார்கள். அதிலிருந்து ஒரு வட்டத்தை வெட்டி, எதிரே லித்தியம் உலோகத் தகட்டை வைத்து, நடுவே எலெக்ட்ரோலைட்டில் நனைத்த சவ்வைப் போட்டு, கைக்கடிகார பேட்டரியைப் போன்ற காயின் செல்லாக மூடுவார்கள். ஈரம் ஆகாது என்பதால் இவ்வளவும் ஆர்கான் வாயு நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும். பிறகு பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி அந்தச் செல்லின் மின்னழுத்தத்தை 3.5 வோல்ட்டிலிருந்து 4.3 வோல்ட்டுக்கு ஒரே சீராக ஏற்றி, அதே வேகத்தில் இறக்கும். வழக்கமான வேகம் நொடிக்கு 0.1 மில்லிவோல்ட். ஏறுவதற்கு மட்டும் இரண்டே கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைக் கருவி குறித்துக்கொண்டே வரும்.

பெரும்பாலான மின்னழுத்தங்களில் ஏறக்குறைய எதுவும் பாயாது. தூளுக்குள் வினை நடக்கும் மின்னழுத்தம் வந்ததும் மின்னோட்டம் எழும்பி, வினைக்கு வேண்டிய லித்தியம் தீரத் தீர இறங்கும். அதுதான் உச்சம். நல்ல LiMn2O4 தூள் என்றால் ஏறும்போது 4.04 வோல்ட் அருகே ஒன்று, 4.16 வோல்ட் அருகே ஒன்று என இரண்டு உச்சங்கள் மேல்நோக்கித் தெரியும். இறங்கும்போது 4.09, 3.97 வோல்ட் அருகே இரண்டு உச்சங்கள் கீழ்நோக்கித் தெரியும். போக வர ஏற்படும் வித்தியாசத்தைச் சராசரி எடுத்துச் சமன் செய்தால், வினைகள் சுமார் 4.00, 4.12 வோல்ட்டில் நடப்பதாகக் கொள்ளலாம்.

இந்த இரண்டு உச்சங்கள் எதைச் சொல்கின்றன? மாணவர்களிடம் கேட்டால் உடனே வரும் பதில்: இரண்டு உச்சம் என்றால் மாங்கனீசு இரண்டு படிகளில் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. தர்க்கம் நன்றாகத்தான் இருக்கிறது, விடைதான் தவறு. இரண்டு உச்சங்களிலும் நடப்பது ஒரே மாற்றம். மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட மாங்கனீசு, நான்கு கொண்டதாக ஆகிறது. இந்தத் தூளில் தொடக்கத்தில் பாதி மாங்கனீசு மூன்றாகவும் பாதி நான்காகவும் இருக்கும். ஏற்றம் முடியும்போது எல்லாமே நான்கு. இடையில் புதிய நிலை எதுவும் கிடையாது.

வேறுபாடு லித்தியத்தின் இருப்பிடத்தில் இருக்கிறது. படிகத்துக்குள் லித்தியத்துக்கென்று ஒரே வகையான இடங்கள் உள்ளன, தொடக்கத்தில் அவை எல்லாம் நிரம்பியிருக்கும். நிரம்பிய பேருந்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களைப்போல, அருகருகே உள்ள லித்தியம் அயனிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் முதல் பாதி 4.00 வோல்ட்டிலேயே வெளியேறிவிடுகிறது. சரி பாதி போனதும் ஓர் இடம் விட்டு ஓர் இடம் என மீதி லித்தியம் ஒழுங்காக அமர்ந்துகொள்கிறது. பக்கத்தில் நெருக்கடி இல்லாத அந்த வசதியான அமைப்பிலிருந்து கிளப்புவதற்கு இன்னும் 0.12 வோல்ட் கூடுதலாக வேண்டியிருக்கிறது. இரண்டாவது உச்சத்தின் கதை இவ்வளவுதான்.

இதை உச்சத்தின் பரப்பளவை வைத்துச் சோதிக்கலாம். செல்லுக்குள் 5 மில்லிகிராம் தூள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் உச்சம் 0.15 வோல்ட் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. 0.1 மில்லிவோல்ட் வேகத்தில் அதைக் கடக்க 1500 நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் சராசரி மின்னோட்டம் 0.72 மில்லியாம்பியர் என்றால், வெளியேறிய மின்னூட்டம் 0.3 மில்லியாம்பியர் மணி. எடையால் வகுத்தால் கிராமுக்கு 60. இரண்டாவது உச்சமும் ஏறக்குறைய அதே அளவு கொடுத்தால் மொத்தம் 120. இந்த வாய்பாட்டில் உள்ள லித்தியம் முழுவதும் வெளியேறினால் கிராமுக்கு 148 மில்லியாம்பியர் மணி கிடைக்க வேண்டும். ஆக, நூற்றுக்கு எண்பது பங்கு லித்தியம் வெளியே வந்திருக்கிறது, இரண்டு உச்சங்களும் அதைச் சமமாகப் பங்கிட்டிருக்கின்றன. ‘பாதி, பாதி’ என்ற விளக்கத்தோடு இது பொருந்திவருகிறது. ஒரு உச்சம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஆனாலும், பொருந்திவருவது நிரூபணம் ஆகாது. வோல்டாமெட்ரி எந்த மின்னழுத்தத்தில், எவ்வளவு எலெக்ட்ரான் போனது என்று மட்டுமே சொல்லும். எந்த அணுவிலிருந்து போனது என்று சொல்லாது. அதை உறுதிசெய்ய எக்ஸ்-கதிர் கருவி வேண்டும். ஏற்றம் நடக்க நடக்க எக்ஸ்-கதிரைச் செலுத்திப் பார்த்தவர்கள், படிகக் கட்டத்தின் பக்க அளவு சுமார் 8.24 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 8.04 அருகே சுருங்குவதைக் கண்டார்கள். முதல் உச்சத்தில் அந்தச் சுருக்கம் படிப்படியாக நடக்கிறது. இரண்டாவது உச்சத்தில் பெரிய கட்டமும் சிறிய கட்டமும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கின்றன. வரைபடத்தில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு உச்சங்களுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு நடைமுறைகள்!

அலுமினியத்தைச் சிறிதளவு கலந்து தயாரித்த தூளில் இந்த விளக்கத்துக்கு இன்னொரு சான்று கிடைக்கிறது. அங்கங்கே நுழைந்த அலுமினியம், ஓர் இடம் விட்டு ஓர் இடம் என்ற ஒழுங்கைக் குலைத்துவிடும். இரண்டு உச்சங்களுக்கும் நடுவே இருந்த பள்ளம் மேடாகி, இரண்டும் ஒன்றோடொன்று கலங்கும். இது வேலை சரியாக நடந்ததன் அடையாளம், தூள் கெட்டுப்போனது என்று பயப்படத் தேவையில்லை. மாறாக, சுத்தமான தூள் என்று சொல்லிக்கொள்வதில் 3.3 வோல்ட் அருகிலும் 4.5 வோல்ட் அருகிலும் குட்டி உச்சங்கள் தெரிந்தால், சூளையில் ஆக்சிஜன் போதாமல் போயிருக்கிறது என்று பார்த்துப் பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். 3.5 வோல்ட்டிலிருந்து தொடங்கியவருக்கு முதல் தடயம் கண்ணில் படாது. எல்லையைக் கீழே இறக்கித்தான் தேட வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது உச்சங்களின் இடைவெளி. ஏறும்போது 4.04, இறங்கும்போது 3.97 என்றால் 70 மில்லிவோல்ட் வித்தியாசம். ‘எங்கள் தூளில் இடைவெளி குறைவு, எனவே வினை வேகமாக நடக்கிறது’ என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். கணக்கைப் பாருங்கள். செல்லின் உள்மின்தடை 30 ஓம், உச்ச மின்னோட்டம் 1.2 மில்லியாம்பியர் என்றால், மின்தடையில் மட்டும் 36 மில்லிவோல்ட் போய்விடும். ஏறும்போது உச்சம் அவ்வளவு மேலே தள்ளிப்போகும், இறங்கும்போது அவ்வளவு கீழே. இரண்டையும் கூட்டினால் 72. மொத்த இடைவெளியும் அதிலேயே அடங்கிவிட்டது. வினையின் வேகத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதே தூளை இரண்டு மடங்கு தடிமனாகப் பூசினால் மின்னோட்டம் கூடி இடைவெளியும் அகலும். எடை வேறுபடும் இரண்டு செல்களை அருகருகே வைத்து ஒன்றைப் புகழ்வது, நேர்மையான ஒப்பீடு ஆகாது.

வேகத்தை மாற்றுவதிலும் இதே வலை இருக்கிறது. தூளுக்குள் லித்தியம் நகர்வதுதான் தாமதத்துக்குக் காரணம் என்றால், வேகத்தை நான்கு மடங்காக்கும்போது உச்சம் இரண்டு மடங்குதான் உயரும். வேகத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். மேற்பரப்பில் மட்டும் நடக்கும் வினையாக இருந்தால் நான்கு மடங்குக்கு நான்கு மடங்கே உயரும். ஆகவே பல வேகங்களில் எடுத்துப் பார்ப்பது பயனுள்ள வேலைதான். ஆனால் LiMn2O4 தூளை நொடிக்கு 1 மில்லிவோல்ட்டில் ஓட்டினால், மேலே சொன்ன 1.2 மில்லியாம்பியர் கிட்டத்தட்ட 3.8 ஆகும். அதே 30 ஓம் மின்தடையில் நகர்வு 114 மில்லிவோல்ட். இரண்டு உச்சங்களுக்கும் இடையே இருந்ததே 120தான். உச்சங்கள் அகன்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும், இரண்டாவதன் வால் 4.3 வோல்ட் எல்லையில் வெட்டுப்பட்டு நிற்கும். இதைப் பார்த்துவிட்டு அலுமினியம் கலந்ததுபோல் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று முடிவுகட்டினால், குறை தூளில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

இவ்வளவு எச்சரிக்கைகளையும் தாண்டி, ஓர் இடத்தில் வோல்டாமெட்ரி மிகக் கூர்மையாகத் துப்புத் துலக்குகிறது. மாங்கனீசில் நான்கில் ஒரு பங்கை நிக்கலாக மாற்றினால் LiNi0.5Mn1.5O4 என்ற தூள் கிடைக்கும். இதில் மாங்கனீசு தொடக்கத்திலேயே நான்கு மின்னேற்றத்துடன் இருக்க வேண்டும். எலெக்ட்ரான் கொடுக்கும் வேலை முழுவதும் நிக்கலுடையது. அதன் உச்சங்கள் 4.7 வோல்ட் அருகே வரும். தூளைச் சுமார் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் ஆக்சிஜன் கொஞ்சம் வெளியேறி, மாங்கனீசில் ஒரு பகுதி மூன்று மின்னேற்றத்துக்கு இறங்கிவிடும். அப்போது, நமக்குப் பழக்கமான அதே 4.0 வோல்ட்டில் ஒரு சிறு திமில் எழும்பும். அதன் பரப்பைக் கணக்கிட்டுக் கிராமுக்கு 7 மில்லியாம்பியர் மணி என்று வந்தால், முழுத் திறனான 147இல் அது இருபதில் ஒரு பங்கு. வாய்பாட்டு அலகு ஒன்றுக்குச் சுமார் 0.05 மாங்கனீசு கீழிறங்கியிருக்கிறது என்று பொருள். இவ்வளவு குறைந்த அளவை எக்ஸ்-கதிர் விளிம்பு வரைபடத்தில் நேரடியாகப் பிரித்தறிவது எளிதல்ல.

திமில் இருப்பது கெடுதலா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. மூன்று மின்னேற்ற மாங்கனீசு சிறிதளவு இருந்தால் தூளின் மின்கடத்துத்திறன் கூடுகிறது. அளவு மீறினால், குறிப்பாக வெப்பத்தில், மாங்கனீசு கரைந்து எலெக்ட்ரோலைட்டுக்குள் போகும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே திமிலின் உயரத்தைப் பார்த்துச் சூளையின் வெப்பத்தையும் ஆறவிடும் வேகத்தையும் சரிசெய்வது பலர் கையாளும் முறை.

இதுபோன்ற வரைபடத்தை ஆய்வுக் கட்டுரையிலோ நிறுவனத்தின் விளக்கத்தாளிலோ பார்க்கும்போது, படத்தின் கீழே தூளின் எடை, மின்னழுத்தத்தை ஏற்றிய வேகம், எத்தனையாவது சுற்று ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று தேடுங்கள். முதல் சுற்றில் மட்டும் தெரிந்து அடுத்த சுற்றில் மறையும் உச்சம், பெரும்பாலும் எலெக்ட்ரோலைட் சிதைந்து மின்முனையின் மேல் படிந்ததால் வந்தது. அதைத் தூளின் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், உச்சங்களின் உயரத்தையும் இடைவெளியையும் வைத்து அந்தக் கட்டுரை சொல்லும் முடிவை ஏற்க வேண்டாம்.