பதினைந்து லட்சம் வந்தது, கடனும் இருந்தது

கரூரில் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவரின் அப்பா விட்டுச்சென்ற வைப்புத்தொகையில் அவர்கள் பங்காக 15 லட்சம் ரூபாய் வந்தது. இந்தியாவில் 1985க்குப் பிறகு பரம்பரைச் சொத்துக்கு வரி இல்லை; இனி அதிலிருந்து வரும் வட்டிக்குத்தான் வரி. அவருக்கு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்க ஆசை. மனைவியோ, "என்னங்க, முதல்ல வீட்டுக் கடனைக் குறைப்போம்" என்றார்.

மனைவி சொன்னதுதான் சரி. கடன் பாக்கி 20 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 15 ஆண்டு, மாதத் தவணை சுமார் 20,285 ரூபாய். இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 16.5 லட்சம் போகும். ஒருபக்கம் 9 சதவீதம் கட்டிக்கொண்டு, மறுபக்கம் 7 சதவீத வைப்பில் பணத்தைப் போட்டு அதற்கும் வரி கட்டுவது நஷ்டக் கணக்கு. பழைய வரிமுறையில் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு பெறுகிறவர்களுக்கு மட்டும் இந்த இடைவெளி சற்றுக் குறையும்.

அப்படியானால் பதினைந்தையும் கடனிலேயே கட்டிவிடலாமா? கூடாது. சாதாரண வீட்டுக் கடனில் கட்டிய பணம் திரும்பி வராது. நாளைக்கே வேலை போனால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், அதைவிட அதிக வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்க நேரும். அதனால் 3 லட்சத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வைப்பில் வைத்தார்கள். ஏழெட்டு ஆண்டுக்குத் தேவைப்படாத 4 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதம் 33,000 ரூபாய் அளவில் ஓராண்டுக்கு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மொத்தமாகப் போட்ட மறுமாதமே சந்தை சரிந்தால் பயந்துபோய் எடுத்துவிடுவோம் என்பது அவர்களுக்கே தெரியும்.

மிச்சம் 8 லட்சம் கடனுக்கு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பாக்கி 12 லட்சமாகக் குறைந்ததும், தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்ற கேள்வி வரும். தவணையைக் குறைத்தால் மாதம் 12,170 ரூபாய்தான். கைக்கு இதமாக இருக்கும். ஆனால் 15 ஆண்டும் ஓடும், வட்டி 9.9 லட்சம் ஆகும். பழைய தவணையையே கட்டினால் ஆறரை ஆண்டில் கடன் முடியும், வட்டி 3.9 லட்சம்தான். கட்டிய தொகை ஒன்றே, ஆனால் வட்டியில் 6 லட்சம் வித்தியாசம்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. பணம் கட்டும் அன்றே, "தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கைப்பட எழுதிக் கொடுங்கள். புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று இருவரும் பார்த்த பிறகே வங்கியை விட்டு வெளியே வாருங்கள்.