ஆஃபர் லெட்டருக்குப் பதில் எழுதும்போது

நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஹெச்.ஆர். போனில் பேசும்போது "எப்போ ஜாயின் பண்றீங்க?" என்று கேட்கிறார். சந்தோஷத்தில் பலரும் அந்தப் போனிலேயே ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்க நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் போனில் முடிக்காமல் எழுத்தில் கேட்பதே நல்லது. எழுதுவதற்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு ஆண்டுக்கு 7,80,000 ரூபாய் சிடிசி, வேரியபிள் எதுவும் இல்லை. புதிய கம்பெனி 9,60,000 தருவதாக ஜூன் 2 அன்று எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 1,80,000 கூடுதல் என்றால் மாதம் 15,000 கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

லெட்டரின் கடைசியில் இணைப்பாக வரும் சம்பளப் பட்டியலைத் திறந்தால் கதை வேறு. 9,60,000-இல் 96,000 வேரியபிள். அது கம்பெனியின் லாபத்தையும் நம் மதிப்பீட்டையும் பொறுத்து வருவது, முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. பேசிக் சம்பளம் 3,84,000 என்றால் அதில் 12 சதவீதமான கம்பெனியின் பிஎஃப் பங்கு சுமார் 46,000. கிராஜுவிட்டிக்காக 4.81 சதவீதம், அதாவது சுமார் 18,500. இன்ஷூரன்ஸ் 12,000. இவையெல்லாம் சிடிசிக்குள்ளேயே அடக்கம். மீதியை 12-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 65,600. அவருடைய சொந்த பிஎஃப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 61,800 அளவில் இருக்கும். பழைய கம்பெனியில் இதே முறையில் கணக்கிட்டால் 56,500. ஆக, மாதம் கூடுவது 5,300 ரூபாய்தான்.

இந்தக் கணக்கைப் போட்டவர் "இன்னும் கொஞ்சம் கூட்டித் தர முடியுமா" என்று கேட்க மாட்டார். மொத்த சிடிசியைப் பற்றிப் பேசாமல், ஃபிக்சட் தொகை 8,64,000-இல் இருந்து 9,30,000 ஆக வேண்டும் என்று கேட்பார். ஒரே எண்ணைத்தான் எழுத வேண்டும். "9 முதல் 9.5 லட்சம்" என்று எழுதினால் எதிரில் இருப்பவர் படிப்பது 9 மட்டுமே. காரணமும் வேலையைச் சார்ந்திருக்க வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனால் சம்பளத்தைக் கூட்டித் தர மேலதிகாரியின் ஒப்புதலை வாங்க வேண்டிய ஹெச்.ஆரால் அவற்றைக் காட்டி வாதாட முடியாது. இல்லாத இன்னொரு ஆஃபரை இருப்பதாகவும் சொல்லாதீர்கள். அதன் நகலைக் கேட்டால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

தேதி இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அது நம் கையில் மட்டும் இல்லை. இவருக்கு நோட்டீஸ் பீரியட் 90 நாள். புதிய கம்பெனி கேட்பது ஜூலை 20. ஜூன் 9 அன்று ராஜினாமா கொடுத்தால் 90-ஆவது நாள் செப்டம்பர் 6. ஜூலை 20-இல் சேர வேண்டுமானால் 49 நாள் குறைகிறது. அந்த நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போவதைத்தான் பைஅவுட் என்கிறார்கள். எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பழைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரின் ஒரு வார்த்தையைப் பொறுத்தது. பேசிக் கணக்கில் என்றால் இவருக்குச் சுமார் 42,500 ரூபாய், கிராஸ் கணக்கில் என்றால் 97,000-க்கு மேல். பல கம்பெனிகளில் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், முன்னதாக விடுவிப்பது நிர்வாகத்தின் விருப்பம் என்றும் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் ஜூலை 20-க்குச் சரி சொல்லிவிட்டு, ரிலீவிங் லெட்டர் இல்லாமல் போய்ச் சேர்ந்தால், ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனியிலும் வேலை பார்த்ததுபோல பிஎஃப் கணக்கில் பதிவாகி, பின்னணிச் சரிபார்ப்பில் பதில் சொல்ல வேண்டி வரும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எழுத வேண்டிய கடிதம் சின்னது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம் என்றாலும் வரிசை இதுதான்:

"வணக்கம். டெஸ்ட் லீட் பணிக்கு ஜூன் 2 அன்று அனுப்பிய ஆஃபர் லெட்டருக்கு நன்றி. இந்தப் பணியில் சேர விரும்புகிறேன். கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

சம்பளம்: ஃபிக்சட் தொகையை ஆண்டுக்கு 9,30,000 ரூபாயாக மாற்றித் தர வேண்டுகிறேன். வேரியபிள் அப்படியே இருக்கலாம். நேர்காணலில் பேசிய ஆட்டோமேஷன் பொறுப்பை நான் இப்போதே நான்கு பேர் குழுவுடன் கவனித்து வருகிறேன்.

சேரும் தேதி: எனக்கு 90 நாள் நோட்டீஸ். திருத்திய லெட்டர் ஜூன் 8-க்குள் கிடைத்தால் ஜூன் 9 அன்று ராஜினாமா கொடுத்து, செப்டம்பர் 7 அன்று சேர முடியும். ஜூலை 20 அவசியம் என்றால், என் நிர்வாகம் சம்மதித்தால் பைஅவுட் செய்யலாம். அந்தத் தொகையை நீங்கள் ஈடுசெய்வீர்களா, எப்போது என்பதை லெட்டரில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இவை குறித்து வியாழனுக்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை, மிரட்டலும் இல்லை. சேர விருப்பம் என்பது முதலிலேயே வந்துவிடுவதால், பின்னால் வரும் கேள்விகள் பேரமாகத் தோன்றாமல் சேர்வதற்கான ஏற்பாடாகவே படிக்கப்படும். செப்டம்பர் 7 எப்படி வந்தது என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. அவர்கள் லெட்டர் அனுப்ப ஒரு வாரம் தாமதித்தால் சேரும் தேதியும் ஒரு வாரம் தள்ளும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆஃபருக்குக் கடைசி நாள் குறித்திருந்தால், அது முடிவதற்கு முன்பே இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

ஃபிக்சட்டைக் கூட்ட முடியாது, வேண்டுமானால் 60,000 ஜாயினிங் போனஸ் தருகிறோம் என்று பதில் வரலாம். அது ஒருமுறை வரும் பணம். அடுத்த ஆண்டின் சம்பள உயர்வு அதன்மேல் கணக்கிடப்படாது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் கூடவே வரும். பைஅவுட் ஈட்டுத்தொகைக்கும் இதே நிபந்தனை இருக்கலாம். ஏற்பதில் தவறில்லை, ஆனால் எத்தனை மாதம், முழுத் தொகையா விகிதப்படியா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது கடைசி இடத்தில். "நோட்டட், வில் டூ த நீட்ஃபுல்" என்று ஒரு வரிப் பதில் வந்தால் அது சம்மதம் ஆகாது. போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்று சொன்னவர் நீங்கள் சேரும் நாளில் வேறு கம்பெனிக்குப் போயிருக்கக்கூடும். போனில் ஏதாவது ஒப்புக்கொண்டால், அன்றே "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். திருத்திய லெட்டரில் முதல் பக்கத்தில் புதுத் தொகையும் இணைப்பில் பழைய பட்டியலும் இருப்பதும் நடக்கும். பெரும்பாலும் கவனக்குறைவுதான், ஆனால் சம்பளம் போடுபவர் பார்ப்பது அந்த இணைப்பைத்தான். அதனால் ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பும் முன் இணைப்பில் உள்ள ஃபிக்சட் தொகையையும் முதல் பக்கத்தில் உள்ள சேரும் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும் ராஜினாமாவை நிறுத்திவைத்து, திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.