பதிவு அழியும் முன் ஒரு கடிதம்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் செவ்வாய்க்கிழமை மாலை உடைந்த கண்ணாடியோடு வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் துருவித் துருவிக் கேட்ட பிறகே வாய் திறக்கிறான். மதிய இடைவேளையில் மாடிப்படித் திருப்பத்தில் மூன்று பேர் அவனை மடக்கித் தள்ளியிருக்கிறார்கள். இது முதல் முறையும் அல்ல. அம்மா பள்ளிக்கு ஓடுகிறார். "நாங்க விசாரிக்கிறோம், கவலைப்படாதீங்கம்மா" என்கிறார் தலைமையாசிரியர். மூன்று வாரம் கழித்து கேமரா பதிவைக் கேட்டால், "அது அழிஞ்சு போச்சேம்மா" என்று பதில் வருகிறது.

அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கேமராவின் படங்கள் டிவிஆர் என்னும் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் சேர்கின்றன. டிஸ்க் நிறைந்ததும் பெட்டி நிற்பதில்லை. மிகப் பழைய நாளின் பதிவை அழித்து, அந்த இடத்தில் புதியதை எழுதிக்கொண்டே போகும். எத்தனை கேமரா, எவ்வளவு தெளிவு, டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து ஒரு வாரமோ ஒரு மாதமோ தாங்கும். சி.பி.எஸ்.இ. 2025 ஜூலையில் தன் பள்ளிகளுக்கு இட்ட உத்தரவு, குறைந்தது 15 நாள் பதிவை வைத்திருக்கச் சொல்கிறது. நுழைவாயில், நடைபாதை, மாடிப்படி, வகுப்பறை எல்லாம் அதில் அடங்கும். கழிப்பறைக்கு மட்டும் விலக்கு.

அரசுப் பள்ளியென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் பதில் தர அந்தச் சட்டம் 30 நாள் அவகாசம் கொடுக்கிறது. மனு மேசையில் காத்திருக்கும்போதே பதிவு அழிந்துவிடலாம். ஆகவே பதிவைக் கொடுங்கள் என்பது இரண்டாவது கோரிக்கை. அழியாமல் எடுத்து வையுங்கள் என்பதே முதல் கோரிக்கை. அதை விஷயம் தெரிந்த அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கடிதம் அரைப்பக்கம் போதும். "இன்ன தேதி, மதியம் 12.15 முதல் 1.30 வரை, முதல் மாடிப் படிக்கட்டையும் அதையொட்டிய நடைபாதையையும் காட்டும் கேமராக்களின் பதிவைத் தனியே நகலெடுத்துப் பாதுகாக்கக் கோருகிறேன்" என்று இடத்தையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். பெட்டியின் கடிகாரம் பல இடங்களில் பத்து, இருபது நிமிடம் தப்பாக ஓடும். அதனால் முன்னும் பின்னும் நேரம் கூட்டிக் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கேமரா எல்லாவற்றையும் பார்க்காது. திருப்பத்தில் மறைவிடம் இருக்கலாம், ஒலி இல்லாமலும் இருக்கலாம். அதனால் அதே கடிதத்தில் பதிவேடுகளையும் சேருங்கள். பையன் 12.50-க்கு முதலுதவி அறைக்குப் போனது அங்குள்ள நோட்டில் இருக்கும். மதியத்துக்குப் பிறகு வகுப்புக்கு வராதது வருகைப் பதிவேட்டில் தெரியும். மூன்று பேர் அவன் பின்னால் படியேறுவதும், அவன் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு இறங்குவதும் கேமராவில் இருந்து, நேரமும் நோட்டோடு பொருந்தினால், அடித்த காட்சி இல்லாமலேயே பையன் சொன்னதற்கு வலு வந்துவிடும்.

"மற்றப் பிள்ளைகளின் முகமும் இருக்கிறது, தர முடியாது" என்று பள்ளி சொல்லும். அந்தத் தயக்கம் நியாயமானது. தள்ளியவர்களும் குழந்தைகள்தான். நகல் தராவிட்டாலும், தலைமையாசிரியர் முன்னிலையில் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு எழுதிவைத்து, உடனிருந்தவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். புகாரில் சிக்கிய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது உங்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம்.

அதற்கும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். போலீஸ் விசாரணை நடந்தால், நிலையப் பொறுப்பு அதிகாரி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்கீழ் பதிவை ஒப்படைக்கப் பள்ளிக்கு எழுத்தில் உத்தரவிடலாம். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் விசாரணையின்போது ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரம் உண்டு. நீதிமன்றம் வரை போனால், நகலோடு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். அதனால் பதிவை வெட்டாமல், பெட்டியிலிருந்து நேராக எடுத்த கோப்பாகவே கேளுங்கள்.

ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் மேலெழுதப்பட்ட பதிவை ஆணையமோ நீதிமன்றமோ உத்தரவிட்டுத் திரும்ப வரவழைக்க முடியாது. பிள்ளை வாய் திறந்த அன்று மாலையே உட்கார்ந்து அந்த அரைப்பக்கத்தை எழுதிவிடுங்கள்.